நிலையான சம்பளத்தில் நான்கு கடன்: எதை முதலில் அடைப்பது, மாதம் எவ்வளவு கட்டுவது

கிரெடிட் கார்டு, பைக் லோன், நகைக்கடன், தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்கிய பணம். மாதச் சம்பளக்காரர் வீட்டில் இந்த நான்கும் ஒன்றாக இருப்பது சாதாரணம். சம்பளம் வந்ததும் யார் முதலில் போன் செய்கிறாரோ அவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கார்டுக்கு ‘மினிமம் டியூ’ என்று கட்டிவிட்டால் அந்த மாதம் ஓடிவிடும். அசல் மட்டும் அப்படியே நிற்கும். இந்தக் கட்டுரை அந்த நான்கையும் ஒரே தாளில் கொண்டுவந்து, எந்த மாதம் எந்தக் கடனுக்கு எத்தனை ரூபாய் என்று எழுதி முடிப்பதற்கானது. ஒரு மாதிரிக் கணக்கை முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் காட்டியிருக்கிறேன். அதில் உங்கள் எண்களை மாற்றிக்கொண்டால் போதும்.

## 1. முதலில் தாள்களைச் சேருங்கள்

நினைவிலிருந்து பட்டியல் போடாதீர்கள். ‘ஐம்பதாயிரம் பக்கம் இருக்கும்’ என்று நினைக்கும் கார்டு பாக்கி அறுபதைத் தொட்டிருக்கும்.

கார்டுக்குக் கடைசி மாத ஸ்டேட்மென்ட் வேண்டும். மொத்த பாக்கி, மினிமம் டியூ, மாத வட்டி விகிதம், கடைசித் தேதி எல்லாம் அதில் இருக்கும். பைக் லோன், பர்சனல் லோன் போன்றவற்றுக்கு ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுன்ட்’ கேளுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் செயலியிலேயே பெரும்பாலும் இறக்கிக்கொள்ளலாம். அதோடு ‘ஃபோர்குளோஷர் லெட்டர்’ ஒன்றும் கேட்டு வாங்குங்கள். இன்றைக்கே மொத்தமாக அடைத்தால் எவ்வளவு, அதில் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் எவ்வளவு என்று அதில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அந்தத் தொகை குறிப்பிட்ட நாள்வரைதான் செல்லும். அதனால் நிஜமாக அடைக்கும் மாதத்தில் இன்னொரு முறை வாங்க வேண்டியிருக்கும்.

நகைக்கடனுக்கு அடகுச் சீட்டைப் பாருங்கள். அசலையும் வட்டியையும் விட முக்கியமானது அதில் உள்ள கெடு தேதி. வங்கிகளில் பெரும்பாலும் ஓராண்டு.

இவற்றைத் தாண்டி, மறந்துபோன கடன் ஏதாவது இருக்கிறதா என்று கிரெடிட் ரிப்போர்ட்டில் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். பணம் கட்டச் சொல்லும் பக்கம் வந்தால், அது மாதச் சந்தாத் திட்டம். இலவச ரிப்போர்ட்டுக்கான இணைப்பு அதே தளத்தில் வேறு இடத்தில் இருக்கும். போன் வாங்கியபோது போட்ட இ.எம்.ஐ., செயலியில் எடுத்த ‘பிறகு கட்டலாம்’ கடன், யாருக்கோ ஜாமீன் போட்டது எல்லாம் இதில்தான் வெளியே வரும். ஒவ்வொரு கணக்கின் கீழும் எத்தனை நாள் தாமதம் என்ற வரியும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

தனியாரிடம் வாங்கியது இந்த ரிப்போர்ட்டில் வராது. புரோநோட்டில் எழுதிய தொகை, கையில் வாங்கிய தொகை, கொடுத்து வைத்திருக்கும் செக் எண்கள் ஆகியவற்றை நீங்களே எழுத வேண்டும். சீட்டு கட்டுகிறீர்களா? எடுத்துவிட்ட சீட்டு கடன், அது பட்டியலில் வரும். இன்னும் எடுக்காத சீட்டு சேமிப்பு, வராது.

## 2. எல்லா வட்டியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

வட்டி வரிசையில் கடனை அடைக்கிறேன் என்று தொடங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். கார்டுக்காரர் மாதக் கணக்கில் 3.5 என்கிறார், பைக் ஷோரூமில் ‘ஃபிளாட் 11’ என்கிறார்கள், தெரிந்தவர் நூற்றுக்கு ரெண்டு ரூபாய் என்கிறார், வங்கி ஆண்டுக்கு ஒன்பதரை என்கிறது. அந்த எண்களை அப்படியே வரிசைப்படுத்தினால் பைக் லோன் முதலிலும் நூற்றுக்கு ரெண்டு கடைசியிலும் வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக, அதுவும் குறையும் அசலின் மீதான வட்டியாக மாற்றிய பிறகுதான் ஒப்பிட முடியும்.

நூற்றுக்கு ரெண்டு என்பது சுலபம். மாதம் 2, ஆண்டுக்கு 24 சதவீதம்.

கார்டில் மாதம் 3.5 என்றால் ஆண்டுக்கு 42. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வருவதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. அதையும் சேர்த்தால் மாதம் 4.13, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 50 சதவீதம்.

ஃபிளாட் வட்டியில் நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது, முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை வட்டி ஓடும். 51,500 ரூபாயை 24 மாதத்துக்கு ஃபிளாட் 11 சதவீதத்தில் வாங்கினால் தவணை ஏறக்குறைய 2,620 ரூபாய். உண்மை வட்டி என்ன என்று எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```
=RATE(24,-2620,51500)*12
```

முதல் எண் மாதங்கள், இரண்டாவது தவணை, மூன்றாவது கையில் வந்த தொகை. விடை 20 சதவீதம் என்று வரும். செயலாக்கக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு கொடுத்திருந்தால், மூன்றாவது எண்ணாகப் பிடித்தது போக உங்கள் கையில் வந்ததைத்தான் போட வேண்டும். 2024 அக்டோபருக்குப் பிறகு வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ எடுத்த சில்லறைக் கடன் என்றால், அவர்கள் தந்த முக்கிய விவர அறிக்கையில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் அச்சிட்டே இருக்கும். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

தண்டலுக்கும் இதே சூத்திரம்தான். பத்தாயிரம் என்று எழுதி, 8,500 கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வசூலிக்கிறார் என்றால் `=RATE(100,-100,8500)*365`. ஆண்டுக்கு 120 சதவீதம் வரும். பட்டியலில் தண்டல் இருந்தால் வரிசையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அதுதான் முதல்.

## 3. கடனுக்கென்று ஒரே மாதத் தொகையை முடிவு செய்யுங்கள்

சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று எங்கேயோ படித்த விதியை வைத்துத் தொடங்காதீர்கள். கடந்த மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, வீட்டுச் செலவுக்கு நிஜமாகப் போனதைக் கூட்டி, மூன்றால் வகுங்கள். நம் மாதிரிக் குடும்பத்தின் கையில் வரும் சம்பளம் 36,000. வாடகை, மளிகை, பால், கரன்ட், போன், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 19,500 ஆகிறது.

திட்டத்தை உடைப்பது இந்த மாதச் செலவு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுதான். பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி என்று ஆண்டுக்கு 18,000 வருகிறது என்று வைத்தால், மாதம் 1,500 தனியே ஒதுக்க வேண்டும். அதை ஒதுக்காதவர் ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்தைக் கார்டில் தேய்ப்பார், அதுவரை அடைத்தது ஒரே நாளில் திரும்பி வரும். இதோடு மருந்து மாத்திரை, வண்டி ரிப்பேர் என்று எதிர்பாராததற்கு மாதம் 1,000. ஆக மொத்தம் 22,000 வீட்டுக்கு, 14,000 கடனுக்கு.

இந்த 14,000 கடைசிக் கடன் தீரும்வரை மாறாது. பைக் லோன் முடிந்துவிட்டதே, இந்த மாதம் 2,620 மிச்சம் என்று செலவு செய்துவிட்டால் கீழே வரும் கணக்கு எதுவும் பலிக்காது. முடிந்த கடனின் தவணை அப்படியே அடுத்த கடனுக்குப் போக வேண்டும். அட்டவணையின் வேகமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

## 4. வரிசை: வட்டியா, தொகையா?

நம் மாதிரிக் குடும்பத்தின் கடன்கள் இவை:

| கடன் | பாக்கி | உண்மை ஆண்டு வட்டி | மாதம் கட்டியே ஆக வேண்டியது |
|---|---|---|---|
| கிரெடிட் கார்டு | 60,000 | 50% | 3,000 |
| நூற்றுக்கு ரெண்டு கைக்கடன் | 40,000 | 24% | 800 (வட்டி மட்டும்) |
| பைக் லோன், இன்னும் 10 தவணை | 24,000 | 20% | 2,620 |
| வங்கி நகைக்கடன், 12 மாதக் கெடு | 80,000 | 9.5% | 650 (வட்டிக்கு ஒதுக்குவது) |

கட்டியே ஆக வேண்டியது 7,070. பட்ஜெட் 14,000. ஆக, கூடுதலாக 6,930 இருக்கிறது. கேள்வி இந்த 6,930 எங்கே போக வேண்டும் என்பது மட்டுமே. மற்ற கடன்களுக்குக் குறைந்தபட்சம் எப்போதும் போய்க்கொண்டே இருக்கும். இந்தக் கூடுதலை நான்காகப் பிரித்துக் கொடுப்பதுதான் ஆக மோசமான வழி.

வட்டி வரிசை என்றால் கூடுதல் முழுவதும் கார்டுக்குப் போகும். கார்டு தீர்ந்ததும் கைக்கடன், பைக் அதன் போக்கில் முடியும், கடைசியில் நகை. தொகை வரிசை என்றால் சிறியது முதலில்: பைக், பிறகு கைக்கடன், பிறகு கார்டு, பிறகு நகை.

இரண்டையும் மாதம் மாதமாகப் போட்டுப் பார்த்தால், வட்டி வரிசையில் 17 மாதத்தில் எல்லாம் தீர்கிறது, மொத்த வட்டி சுமார் 29,900. தொகை வரிசையில் 18 மாதம், பைக் லோனை முன்கூட்டி அடைத்த கட்டணத்தையும் சேர்த்து சுமார் 39,000. வித்தியாசம் 9,100 ரூபாய். அதற்குக் காரணம் கார்டு ஒன்றுதான். தொகை வரிசையில் அது ஏழு மாதம் வெறும் மூவாயிரத்தில் கிடக்கிறது. அந்த ஏழு மாதத்தில் 21,000 கட்டியும் பாக்கி 60,000-லிருந்து 55,861-க்குத்தான் இறங்குகிறது.

அப்படியானால் தொகை வரிசையால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் பலரும் சொல்லும் ‘மன உற்சாகம்’ எனக்குப் பெரிய காரணமாகத் தெரியவில்லை. உண்மையான பயன், கட்டியே ஆக வேண்டிய தொகை சீக்கிரம் குறைவது. மூன்றாம் மாதம் பைக் லோன் மூடியதும் 7,070 என்பது 4,450 ஆகிவிடும். வேலை நிலையில்லாதவர், இன்னும் சில மாதத்தில் மகப்பேறு விடுப்பில் சம்பளம் குறையப்போகிறவர் ஆகியோருக்கு 9,100 ரூபாயை விட இது முக்கியமாக இருக்கலாம். மாதச் சம்பளம் உறுதியாக வருகிறவருக்கு வட்டி வரிசைதான் சரி.

எந்த வரிசையானாலும் சிலவற்றை முன்னால் கொண்டுவர வேண்டியிருக்கும். ஏற்கெனவே தவணை தவறிய கடன் இருந்தால் முதல் மாதக் கூடுதலில் அதை நடப்புக்குக் கொண்டுவாருங்கள். 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன் ஆகிவிடும், அதன் பிறகு பேச்சு வேறு மாதிரி இருக்கும். நகை ஏலத்துக்கு நோட்டீஸ் வந்திருந்தால் அதன் வட்டி ஒன்பதரைதான் என்று பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று தவணையில் தானாக முடியப்போகிற கடனை அப்படியே விடுங்கள், அதற்குக் கட்டணம் கொடுத்து முன்கூட்டி அடைக்க வேண்டாம்.

## 5. மாத அட்டவணையை எழுதுங்கள்

தாளின் இடப்பக்கம் மாதம், மேலே கடன்களின் பெயர். கார்டு பாக்கியை மட்டும் ஒவ்வொரு மாதமும் கணக்கிட வேண்டும்: பாக்கியோடு 4.13 சதவீதம் கூட்டி, கட்டியதைக் கழித்தால் அடுத்த மாதப் பாக்கி. கார்டுக்குக் கிடைப்பது 14,000-லிருந்து மற்ற மூன்றின் குறைந்தபட்சம் போக 9,930.

முதல் மாதம் 60,000-க்கு வட்டியும் வரியும் 2,478, கட்டியது 9,930, பாக்கி 52,548. இரண்டாம் மாதம் வட்டி 2,170 ஆகக் குறைகிறது, பாக்கி 44,788. இப்படியே போனால் ஏழாம் மாத முடிவில் 910 ரூபாய்தான் மிஞ்சும். எட்டாம் மாதம் கார்டு தீர்ந்துவிடும்.

| மாதம் | கார்டு | கைக்கடன் | பைக் | நகைக்கு ஒதுக்கு | கையிருப்பு |
|---|---|---|---|---|---|
| 1–7 | 9,930 | 800 | 2,620 | 650 | – |
| 8 | 948 | 800 | 2,620 | 650 | 8,982 |
| 9 | – | 10,800 | 2,620 | 650 | 8,912 |
| 10 | – | 10,600 | 2,620 | 650 | 9,042 |
| 11 | – | 20,400 | – | 650 | 1,992 |

எட்டாம் மாதம் ஏன் 8,982 கையிருப்பாக நிற்கிறது என்று கேட்கலாம். வட்டிக்குக் கொடுப்பவர்கள் பலரும் அசலில் சில்லறையாக வாங்க மாட்டார்கள். ‘பத்து பத்தாயிரமாக் கொடு’ என்பார்கள், சிலர் மொத்தமாகத்தான் வாங்குவார்கள். இதை முதல் மாதமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் சேரும்வரை பணத்தைச் சம்பளக் கணக்கில் விடாமல், ஏ.டி.எம். கார்டும் யு.பி.ஐ.யும் இணைக்காத வேறு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அசல் குறைந்த அடுத்த மாதமே வட்டி 800-லிருந்து 600 ஆக வேண்டும். பழைய வட்டியே கேட்டால் உடனே பேசுங்கள், பிறகு பேசினால் எடுபடாது.

பன்னிரண்டாம் மாதம் நகைக்கடன் கெடு. மாதம் 650 ஒதுக்கியது 7,800 ஆகியிருக்கும், வட்டி 7,600. அந்த மாதப் பட்ஜெட்டும் கையிருப்பும் சேர்ந்து அசலில் 15,542 கட்டலாம். மிச்சம் 64,458-க்கு மறுஅடகு வைத்து, அடுத்த மாதத்திலிருந்து 14,000 முழுவதையும் அங்கே கட்டினால் ஐந்தாம் மாதம், அதாவது திட்டத்தின் பதினேழாம் மாதம், நகை கைக்கு வரும். மறுஅடகு வைக்கும்போது தங்கம் விலை ஏறியிருக்கிறது, இன்னும் முப்பதாயிரம் கூட வாங்கிக்கொள்ளலாம் என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். அது அவர்கள் வேலை. நகை இரண்டு மூன்று உருப்படிகளாக இருந்தால், முதலிலேயே தனித்தனிச் சீட்டாக வைப்பது நல்லது. அசல் குறையக் குறைய ஒவ்வொன்றாக மீட்கலாம்.

## 6. தேதிகளைச் சம்பளத்தோடு பொருத்துங்கள்

அட்டவணை சரியாக இருந்தும் பணம் வீணாவது தேதியால்தான். சம்பளம் 5-ம் தேதி வருகிறது, பைக் தவணை 3-ம் தேதி கணக்கில் எடுக்கிறார்கள் என்றால், சம்பளம் வருவதற்கு முன்பே கேட்டு, இருப்பு இல்லாமல் அது திரும்பும். அப்போது உங்கள் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் போடுவார், இரண்டின் மேலும் ஜி.எஸ்.டி. சேரும். ஒரே ஒரு தவணை திரும்பினால்கூட அந்த மாதக் கூடுதலில் ஒரு பங்கு போய்விடும், கிரெடிட் ரிப்போர்ட்டிலும் பதியும்.

தவணைத் தேதியை மாற்றித் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பல நிறுவனங்கள் மாற்றித் தரும். முடியாது என்றால், ஒரு தவணைத் தொகையை நிரந்தரமாக அந்தக் கணக்கில் கிடக்க விடுங்கள். கார்டில் பில்லிங் சுழற்சியை மாற்றிக்கொள்ளும் வசதியை வங்கி தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. சம்பளத் தேதிக்கு நான்கைந்து நாள் கழித்துக் கடைசித் தேதி வருமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டுக்குக் கடைசித் தேதிவரை காத்திருக்கவும் வேண்டாம். பாக்கி வைத்திருக்கும் கார்டில் வட்டி தினமும் ஓடுகிறது. சம்பளம் வந்த அன்றே 9,930-ஐக் கட்டினால் அந்த நான்கைந்து நாள் வட்டி மிச்சம். இன்னொன்று: பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். பழைய பாக்கி இருக்கும்போது வட்டியில்லாத நாட்கள் கிடையாது, இன்று வாங்கிய 500 ரூபாய்ப் பொருளுக்கும் இன்றிலிருந்தே வட்டி. செயலியில் பரிவர்த்தனைகளை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஸ்விக்கி, ஓ.டி.டி. என்று தானாகப் பணம் எடுப்பவற்றை முதலில் நீக்க மறக்க வேண்டாம்.

## 7. கார்டு பாக்கியை வேறு கடனாக மாற்றலாமா?

பூட்டி வைத்த நகை இன்னும் இருந்தால் இதைக் கட்டாயம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் மாதிரியில் கார்டின் 60,000-ஐ ஒன்பதரை சதவீத நகைக்கடனாக மாற்றி, அதே 9,930-ஐ அங்கே கட்டினால், கார்டுக்குப் போகவிருந்த 10,458 ரூபாய் வட்டி சுமார் 1,750 ஆகிவிடும். வரிசையை மாற்றி மிச்சப்படுத்துவதற்குக் கிட்டத்தட்ட சமமான தொகை இது. நகை மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கழித்தாலும் லாபம்தான். மாதாமாதம் அசலில் கட்ட அனுமதிக்கும் திட்டமா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

நகை இல்லையென்றால், கார்டு நிறுவனமே பாக்கியை இ.எம்.ஐ. ஆக மாற்றித் தரும். அவர்கள் சொல்லும் விகிதத்தை மட்டும் பார்க்காமல், செயலாக்கக் கட்டணத்தையும் வட்டி மீதான ஜி.எஸ்.டி.யையும் சேர்த்து மேலே சொன்ன சூத்திரத்தில் போடுங்கள். 25 சதவீதத்துக்குள் வந்தால் 50-ஐ விட நல்லதுதான். 24, 36 மாதம் என்று நீட்டித் தருவார்கள், எட்டு மாதத்தில் தீரக்கூடியதை மூன்று ஆண்டுக்கு இழுக்காதீர்கள்.

இப்படி மாற்றியவர்களில் பலர் மாட்டுவது ஆறேழு மாதம் கழித்து. கார்டில் வரம்பு காலியாகத் தெரியும், திரும்பத் தேய்ப்பார்கள். இப்போது நகைக்கடனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும். மாற்றிய அன்றே கார்டின் வரம்பைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

## 8. முன்கூட்டி அடைக்கும்போதும், அடைத்த பிறகும்

கூடுதல் தொகையைச் செயலியில் சும்மா அனுப்பினால், சில நிறுவனங்கள் அதை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொள்ளும். அசல் குறையாது, வட்டியும் குறையாது. ‘பகுதி முன்செலுத்தல், அசலில் கழிக்கவும், தவணை அதே, காலம் குறைய வேண்டும்’ என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டுக் கட்டுங்கள். ஒரு வாரம் கழித்துப் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கினால் கழித்தார்களா என்று தெரிந்துவிடும். சொந்தத் தேவைக்காகத் தனிநபர் எடுத்த மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வாங்கக் கூடாது. பைக் லோனும் பர்சனல் லோனும் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால் அவற்றுக்கு ஒப்பந்தப்படி கட்டணம் இருக்கும்.

கார்டை முழுவதும் கட்டிய அடுத்த மாதம் ஸ்டேட்மென்ட்டில் சில பத்து ரூபாயோ நூறு ரூபாயோ வந்து நிற்கும். ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. தீர்ந்துவிட்டதே என்று கவனிக்காமல் விட்டால் அதற்குத் தாமதக் கட்டணமும் சேரலாம். பூஜ்யம் என்று இரண்டு ஸ்டேட்மென்ட் வரும்வரை பாருங்கள்.

பைக் லோன் முடிந்தால் நிறுவனத்திடம் என்.ஓ.சி.யும் கையொப்பமிட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள அடமானப் பதிவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்க வேண்டும். பரிவாகன் தளத்திலும் விண்ணப்பிக்கலாம். என்.ஓ.சி. பொதுவாக மூன்று மாதம்தான் செல்லும், பீரோவில் வைத்துவிட்டால் திரும்ப அலைய வேண்டும். வண்டி இன்சூரன்ஸிலும் நிதி நிறுவனத்தின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.

கைக்கடனில் கடைசிப் பணத்தைக் கொடுக்கும்போதே புரோநோட்டும் செக்குகளும் கைக்கு வர வேண்டும். ‘வீட்ல இருக்கு, நாளைக்குத் தரேன்’ என்றால் பணமும் நாளைக்கு. ஒவ்வொரு முறை அசல் கொடுக்கும்போதும் புரோநோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், முடிந்தவரை வங்கி வழியாக அனுப்புங்கள். மிரட்டல், மீட்டர் வட்டி என்று போனால் தமிழ்நாட்டில் கந்து வட்டிக்கு எதிராக 2003-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது வங்கி வழியாக அனுப்பிய அந்தப் பதிவுகள்தான் கைகொடுக்கும்.

## 9. ஒரு மாதம் தவறினால்

ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிட்டது, இந்த மாதம் 14,000 முடியாது என்றால், கூடுதலை மட்டும் நிறுத்துங்கள். குறைந்தபட்ச 7,070 போகட்டும். விட்ட மாதத்தை அடுத்த மாதம் இரட்டிப்பாகப் பிடிக்கப் பார்க்க வேண்டாம். அட்டவணையை ஒரு வரி கீழே தள்ளி எழுதுங்கள். அந்தக் குறைந்தபட்சமும் முடியாது என்றால் தவணைத் தேதிக்கு முன்பே கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதி, காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். தேதி தாண்டிய பிறகு கேட்டால் வசூல் பிரிவுக்குப் போய்விடும்.

போனஸ் வந்தால் வரிசையில் முதலில் நிற்கும் கடனுக்கு அப்படியே போகலாம். நம் மாதிரியில் மூன்றாம் மாதம் 15,000 போனஸ் கார்டுக்குப் போனால், எட்டாம் மாதத்துக்குப் பதில் ஆறாம் மாதமே கார்டு தீர்ந்துவிடும்.

தவணை தவறிய கடனுக்கு ‘செட்டில்மென்ட்’ என்று போன் வரும். ஒரு லட்சத்துக்கு நாற்பதாயிரம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். அப்படி முடித்தால் கிரெடிட் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று பதியும், ‘குளோஸ்டு’ என்று வராது, பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது இது குறுக்கே நிற்கும். வேறு வழியே இல்லாமல் ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால், நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் தொகை, கடைசித் தேதி, மிச்ச பாக்கி தள்ளுபடி என்ற மூன்றும் எழுதி வந்த பிறகு, நிறுவனத்தின் கடன் கணக்கிலேயே கட்டுங்கள். வசூலுக்கு வந்தவரின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.